டீக்கடையில் இனி போனிலும் காசு: பலகையில் என்ன எழுதுவது? (கேள்வி பதில்)

பாலக்கோடு, கடைக்காரர்: ஸ்கேன் அட்டையும் சத்தம் போடுற பெட்டியும் வந்துடுச்சுங்க. தினமும் வர்றவங்களுக்கு ஒரு அறிவிப்பு ஒட்டணும். என்ன எழுதறது?

டீ கைக்கு வர்றதுக்குள்ள படிச்சு முடிக்கிற அளவு இருந்தா போதுங்க. இப்படி வைங்க:

> வாடிக்கையாளர் கவனத்திற்கு
> நம்ம கடையில் இனி போனிலும் காசு கொடுக்கலாம். கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் எதுவானாலும் சரி. சில்லறையும் வாங்குவோம்.
> கல்லா மேல் உள்ள அட்டையை ஸ்கேன் செய்யுங்கள். திரையில் ................ என்ற பெயர் வரும். வேறு பெயர் வந்தால் போடாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.
> மொத்தம் எவ்வளவு என்று கேட்டு ஒரே தடவையாகப் போடுங்கள்.
> பெட்டி சொன்னதும் கிளம்பலாம். திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி போட வேண்டாம், காட்டுங்கள்.
> போனில் போட்டுவிட்டு ரொக்கம் கேட்க வேண்டாம்.

புள்ளி வச்ச இடத்தில் என்ன வரணும்னு ஊகிச்சு எழுதாதீங்க. இன்னொருத்தர் போனை வாங்கி உங்க அட்டையை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. திரையில் வர்ற பெயரை எழுத்து மாறாம அப்படியே எழுதுங்க. பலகையில் கடைப் பெயர் ஒண்ணு இருக்கும், திரையில் கணக்கு வச்சிருக்கிற வீட்டம்மா பெயரோ, பதிவு பண்ணும்போது இங்கிலீஷில் தப்பா அடிச்ச பெயரோ வரும். அது தெரியாத வாடிக்கையாளர் "இது யாருங்க?"னு கேட்டுட்டு நிப்பார், இல்லேன்னா வாயைத் திறக்காம போட்டுட்டுப் போவார். இரண்டாவது வகையை நம்பித்தான் மோசடிக்காரன் வர்றான். ராத்திரி கடை பூட்டின பிறகு உங்க அட்டை மேல தன் அட்டையை ஒட்டிட்டுப் போயிட்டா, அடுத்த நாள் வசூல் அவனுக்கு. தினமும் கடை திறந்ததும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பெயரைப் பார்த்துட்டு அடுப்பைப் பத்த வைங்க.

காவேரிப்பட்டணம், வாடிக்கையாளர்: பச்சை டிக் வந்துட்டா காசு போயிட்டதுன்னு அர்த்தம். அதைக் காட்டினா கடைக்காரர் ஒத்துக்கணும்தானே? பெட்டி சொல்ற வரைக்கும் எதுக்கு நிக்கணும்?

பாதி சரிங்க. உண்மையான செயலியில் பச்சை டிக் வந்தா, பெட்டி ஊமையா இருந்தாலும் காசு போய்ச் சேர்ந்திருக்கும்னு வச்சுக்கலாம். ஆனா அதே மாதிரி டிக், அதே மாதிரி "டிங்" சத்தம் எல்லாம் போட்டுக் காட்டுற போலிச் செயலிகள் இருக்கு. நேத்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுறவங்களும் இருக்காங்க. கூட்ட நேரத்தில் தேதி பார்க்க முடியுமா? கடைக்காரர் உங்களைச் சந்தேகப்படுறதா எடுத்துக்காதீங்க. அவர் தன் போனைத்தான் நம்பணும், உங்க திரையை இல்லை.

பென்னாகரம், கடைக்காரர்: எங்க பக்கம் சிக்னல் வரும் போகும். வாடிக்கையாளர் போட்டேன்கிறார், பெட்டி பேசல. அப்ப என்ன பண்றது?

இதை ஒரு கணக்காவே பார்த்துடலாம். மூணு டீ 45, ரெண்டு வடை 20, ஆக 65 ரூபாய். அவர் பின் நம்பர் போட்டுட்டார், வட்டம் சுத்துது, உங்க பெட்டி பேசல.

முதல்ல அவர் போனில் அந்தப் பரிவர்த்தனையைத் திறக்கச் சொல்லுங்க. மூணுல ஒண்ணு இருக்கும். Successful இருந்தா மேலே உங்க பெயர் இருக்கான்னு பாருங்க. பிறகு உங்க போனில் அட்டை கொடுத்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து 65 வந்திருக்கான்னு பாருங்க. அங்க இருந்தா வேலை முடிஞ்சது. பெட்டிக்கு உள்ள ஒரு சிம் இருக்கு, அதுக்குச் சிக்னல் இல்லேன்னாலோ சார்ஜ் இறங்கிட்டாலோ காசு வந்தும் அது பேசாது. சிக்னல் திரும்பினதும் தாமதமா சொன்னாலும் சொல்லும். அந்தத் தாமதக் குரலைக் கேட்டு, அப்ப நிக்கிற வேற யாரோ போட்டதுன்னு நினைச்சு அவரை விட்டுடாதீங்க.

வங்கி இருப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கடை அட்டையில் வர்ற காசைப் பல நிறுவனங்கள் மொத்தமா சேர்த்துப் பிறகுதான் வங்கியில் போடும். எஸ்எம்எஸ்ஸையும் எதிர்பார்க்காதீங்க, சிறு தொகைக்கு அனுப்புறதைச் சில வங்கிகள் நிறுத்திட்டாங்க.

Pending இருந்தா இன்னொரு தடவை போடச் சொல்லாதீங்க. அங்கதான் 65 ரூபாய் 130 ஆகுது. தெரிஞ்ச முகம்னா நோட்டில் பெயர், 65, நேரம் மூணையும் எழுதிட்டு அனுப்புங்க. அது கொஞ்ச நேரத்தில் சரியாகும், இல்லேன்னா தோத்துப் போகும். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம். வழிப்போக்கர்னா சில்லறையா வாங்கிக்கிட்டு, பிறகு காசு வந்துட்டா திருப்பி அனுப்ப அவர் நம்பரை எழுதி வைங்க.

Failed இருந்தா மறுபடி போடலாம். சில சமயம் Failed காட்டும், கணக்கில் 65 குறைஞ்சும் இருக்கும். அது உங்க கைக்கு வரல, வாடிக்கையாளர் உங்ககிட்ட கேட்டும் பிரயோஜனம் இல்லை. ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதிப்படி, கடைக்குப் போட்ட காசு இப்படி மாட்டிக்கிட்டா 5 நாளுக்குள் தானா திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரணும். பரிவர்த்தனையில் இருக்கிற 12 இலக்க UTR நம்பரைச் சொல்லி அவர் தன் வங்கியில்தான் புகார் கொடுக்கணும்.

கிருஷ்ணகிரி, ஐயா ஒருவர்: என் கையில் பட்டன் போன்தான். எனக்கு டீ கிடையாதா?

பலகையில் "சில்லறையும் வாங்குவோம்"னு எழுதச் சொன்னதே உங்களுக்காகத்தாங்க. பட்டன் போனிலும் வழி இருக்கு. *99# அடிச்சோ, 080-4516-3666 நம்பருக்குக் கூப்பிட்டோ போடலாம். முதல் தடவை வங்கிக் கணக்கைச் சேர்த்து பின் நம்பர் வைக்கணும். ஒரு டீக்கு நின்னு ஒவ்வொரு எண்ணா அழுத்திட்டு இருந்தா டீ ஆறிடும். கடையில் கணக்கு வச்சு வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா அனுப்புறதுக்கு அது சரிப்படும்.

தருமபுரி, வாடிக்கையாளர்: நாளுக்கு நாலு டீ. பாஸ்புக் முழுக்க 15, 15னு நிரம்புது. வழி உண்டா?

யுபிஐ லைட் போடுங்க. உங்க செயலியிலேயே இருக்கும். வங்கியிலிருந்து ஒரு தொகையை எடுத்து அதில் வச்சுக்கலாம், அதிகபட்சம் 5,000. ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் நம்பர் இல்லாமலே போகும். பாஸ்புக்கில் நீங்க அதை நிரப்பின வரி மட்டும்தான் வரும். கடைக்காரருக்கும் லாபம், பின் நம்பரை மறந்துட்டுக் கல்லா முன்னாடி யோசிக்கிறவங்க குறைவாங்க. பின் கேட்காதுங்கிறதால போனுக்குப் பூட்டு கட்டாயம் வைங்க. அதில் 200, 300-க்கு மேல வைக்காம இருக்கிறது என் விருப்பம்.

தொப்பூர், நெடுஞ்சாலைக் கடைக்காரர்: லாரிக்காரர் ஒருத்தர் 3,000 போனில் போட்டுட்டு ரொக்கம் கேட்டார். கொடுத்தேன். பத்து ரூபாய் கமிஷனும் வாங்கலாமா?

கமிஷனை விடுங்க, அந்தப் பழக்கத்தையே விடுங்க. அவர் நல்லவராவே இருக்கலாம். ஆனா இன்னொரு நாள் யாரையாவது ஏமாத்திப் பறிச்ச காசு உங்க அட்டை வழியா ரொக்கமா மாறும். ஏமாந்தவர் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தா, காசு போன தடத்தைப் பிடிச்சு உங்க கணக்கில் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பாங்க, சில சமயம் கணக்கையே முடக்குவாங்க. பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு அதுக்குள்ள மாட்டிக்கும். வெளி மாநிலத்துப் போலீஸ்னா இன்னும் அலைச்சல். அறிவிப்பின் கடைசி வரி அதுக்குத்தான்.

அரூர், பால்காரர்: எனக்குக் கடைக்காரர் காசு அனுப்புறார். வாங்க நான் பின் போடணுமா?

இந்தக் கேள்வி பதில் கடை வாடிக்கையாளர் பத்தினது, ஆனாலும் சொல்றேன்: வாங்க எதுக்கும் பின் வேண்டாம். "பின் போட்டா காசு வரும்"னு யார் சொன்னாலும் போனை வச்சுடுங்க.

ஓசூர், கடைக்காரர்: சிப்காட் ஆளுங்க ஹிந்தி, கன்னடம், தெலுங்குனு பேசுறாங்க. தமிழ்ப் பலகை எதுக்கு? அப்புறம், கர்நாடகாவில் யுபிஐ வசூலைப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததே, அட்டையைக் கழட்டிட்டா தப்பிக்கலாமா?

தமிழ்ப் பலகை தமிழருக்கு. மத்தவங்களுக்கு படம் போதும்: அட்டை, போன், பெயர், பெட்டின்னு நாலு கட்டம். பெயரை மட்டும் திரையில் வர்ற மாதிரியே இங்கிலீஷில் எழுதுங்க. பெட்டியின் மொழியை உங்க டீ மாஸ்டருக்குப் புரியறதா வைங்க, கேட்கப்போறது அவர்தான்.

அட்டையைக் கழட்டினா வரி மாறாது. வரம்பு மொத்த வியாபாரத்துக்கு, ரொக்கமும் சேர்த்து. உட்கார வச்சுப் பரிமாறுற கடைக்கு வருஷம் 20 லட்சம், நாளுக்குச் சுமார் 5,500 ரூபாய். அதைத் தொடுற கடைன்னா கணக்கு எழுதுற ஒருத்தரை இப்பவே பாருங்க. 2025-ல் அங்க நோட்டீஸ் போனது யுபிஐ தொகையை வச்சுத்தான். மகன் அனுப்பின காசும் சீட்டுக் காசும் அதே கணக்கில் வந்தா அதுவும் வியாபாரம் மாதிரித் தெரியும். கடைக்குத் தனிக் கணக்கு வச்சுக்கறது நல்லது.

பாலக்கோடு, முதல் கேள்வி கேட்டவர்: "20 ரூபாய்க்கு மேல்தான் போன்"னு ஒரு வரி சேர்க்கலாமா? ஒரு டீக்கு எல்லாம் ஸ்கேன் பண்ணி நிக்கிறாங்க.

நான் சேர்க்க மாட்டேன். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கிறதில்லை, பெட்டிக்கு மாத வாடகை இருந்தா அதுதான் செலவு. 15 ரூபாய் வந்தாலும் முழுசா வரும். உங்க சிரமம் காசில் இல்லை, நெரிசலில். அட்டையை டீ கொடுக்கிற இடத்திலிருந்து ரெண்டு அடி தள்ளி வைங்க, ஸ்கேன் பண்றவர் அந்தப் பக்கம் நிப்பார். பளபளப்பான உறை போட்டா டியூப் லைட் அடிச்சு ஸ்கேன் ஆகாது, மங்கலான உறை வாங்குங்க. நீராவி படாத இடமா இருக்கணும்.

காரிமங்கலம், கடைக்காரர்: நான் 20 ரூபாய் வரம்பு வச்சிருக்கேன். கல்லா வேகமா ஓடுது. ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, அவ்வளவுதான்.

உங்க கடைக்கு அது ஓடுதுன்னா சரிங்க. ஆனா முணுமுணுக்காமலே எதிர்க் கடைக்குப் போனவங்களை நீங்க எண்ண முடியாது. ஒரு மாசம் வரம்பை எடுத்துட்டு வசூலைப் பார்த்துட்டு இங்கயே சொல்லுங்க.