மேக்கர்–டேக்கர் கட்டணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பங்கு எக்ஸ்சேஞ்சுகளின் மேக்கர்–டேக்கர் கட்டணத்தைப் பற்றியவை. எக்ஸ்சேஞ்சின் ஆர்டர் புக்கில் விலை குறித்துக் காத்திருப்பவர் மேக்கர்; அப்படிக் காத்திருக்கும் ஆர்டரை வந்து எடுப்பவர் டேக்கர். கணக்குகளை 100 பங்குக்கு இத்தனை சென்ட் என்று சொல்லியிருக்கிறேன், தோராயமாக.

கே: கட்டண அட்டவணையில் மேக்கர் பத்தியில் மைனஸ் குறி போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை, அது ரிபேட். அந்தத் தொகையை எக்ஸ்சேஞ்ச் தரும், வாங்காது. சில எக்ஸ்சேஞ்சுகள் மைனஸுக்குப் பதிலாக அடைப்புக்குறி போடும். அட்டவணையின் அடியில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: லிமிட் ஆர்டர்தான் போட்டேன். டேக்கர் கட்டணம் பிடித்துவிட்டார்கள். யாரிடம் புகார் செய்வது?

யாரிடமும் வேண்டாம், அவர்கள் பிடித்தது சரிதான். லிமிட் ஆர்டர் போட்டவரெல்லாம் மேக்கர் என்று எத்தனை முறை சொன்னாலும் நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். விற்பவர் கேட்கும் விலையான ஆஃபர் 20.01 டாலரில் நிற்கும்போது 20.02-க்கு வாங்க லிமிட் போட்டால், புக்கில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துவிட்டீர்கள். அப்போது நீங்கள் டேக்கர். ஆர்டர் புக்கில் போய் உட்கார்ந்து, இன்னொருவர் வந்து அதை எடுத்தால்தான் மேக்கர். ஒரே ஆர்டரில் 300 பங்கு உடனே நிறைவேறி மீதி 700 புக்கில் நின்றால், முதல் பகுதிக்கு டேக்கர் கட்டணம், மீதிக்கு மேக்கர் ரிபேட். கட்டாயம் மேக்கராகவே இருக்க வேண்டுமென்றால் போஸ்ட்-ஒன்லி என்று குறித்துப் போடுங்கள். எதிர்ப்பக்க விலையைத் தொட்டால் பொதுவாக அது நிறைவேறாமல் திரும்பிவிடும்; சில இடங்களில் விலையை ஒரு படி நகர்த்திப் புக்கில் வைப்பார்கள்.

கே: எக்ஸ்சேஞ்சுக்கு இந்த ரிபேட் பணம் எங்கிருந்து வருகிறது?

எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடமிருந்து. டேக்கரிடம் 100 பங்குக்கு 30 சென்ட் வாங்கி, மேக்கருக்கு 28 சென்ட் கொடுத்து, 2 சென்ட்டை எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொள்ளும். 1990-களின் பிற்பகுதியில் ஐலண்ட் என்ற மின்னணுச் சந்தை ஆர்டர்களை இழுக்க இதைத் தொடங்கியது, மற்றவர்கள் பின்பற்றினார்கள். திரையில் 20.01 என்று தெரியும் ஆஃபரை எடுப்பவருக்கு உண்மையில் ஆகும் விலை 20.013. இந்த மூன்றாவது தசமம் திரையில் தெரியாது. அடுத்த கேள்விகள் எல்லாமே அதிலிருந்துதான் முளைக்கின்றன.

கே: சில எக்ஸ்சேஞ்சுகளில் மேக்கரே கட்டணம் கட்டுகிறார். அங்கே யார் ஆர்டர் வைப்பார்கள்?

அவசரக்காரர்கள். அவை தலைகீழ்க் கட்டண எக்ஸ்சேஞ்சுகள். சிபோ பிஒய்எக்ஸ் போன்றவை. டேக்கருக்கு அங்கே ரிபேட் கிடைப்பதால், ஒரே விலை பல இடங்களில் இருந்தால் விற்பவரின் ஆர்டரை அனுப்பும் மென்பொருளான ரவுட்டர் முதலில் அங்கேதான் தட்டும். கியூவும் குட்டையாக இருக்கும். சீக்கிரம் நிறைவேறுவதற்கு மேக்கர் காசு கொடுக்கிறார், அவ்வளவுதான்.

கே: நாங்கள் ஒரு சிறிய நிதியம். புரோக்கர் குறைந்த கமிஷன் வாங்குகிறார், லிமிட் ஆர்டர்களை நல்ல எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்புகிறார். ஆனாலும் பாதி ஆர்டர் நிறைவேறுவதில்லை. நிறைவேறினால் உடனே விலை இறங்குகிறது. ராசி இல்லையா?

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘நல்ல எக்ஸ்சேஞ்ச்’ என்கிறீர்களே, யாருக்கு நல்லது என்று அவரிடம் கேட்டீர்களா? பல ஆண்டுகளாக நான் ஓயாமல் சொல்லிவரும் விஷயம் இது.

ஒரு பங்குக்கு வாங்குபவர் தரும் விலையான பிட் 20.00, ஆஃபர் 20.01 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 20.00-க்கு 5,000 பங்கு வாங்க ஆர்டர் தருகிறீர்கள். ரிபேட் அதிகம் தரும் எக்ஸ்சேஞ்சில் அதே விலையில் ஏற்கெனவே 40,000 பங்கு வரிசையில் நிற்கிறது. தலைகீழ்க் கட்டண எக்ஸ்சேஞ்சில் 3,000தான். முதல் இடத்தில் வைத்தால் புரோக்கருக்கு 14 டாலர் ரிபேட். இரண்டாவது இடத்தில் வைத்தால் அவர் ஏறக்குறைய 10 டாலர் கட்ட வேண்டும். உங்களிடம் வாங்கும் கமிஷன் இரண்டிலும் ஒன்றே. ஆக, 24 டாலர் வித்தியாசம் முழுக்க அவர் பையில்.

இப்போது விற்பவர் வருகிறார். அவருடைய ரவுட்டர் ரிபேட் கிடைக்கும் இடத்தை முதலில் தட்டும். 30 சென்ட் கட்ட வேண்டிய இடத்துக்குக் கடைசியில்தான் வரும். அங்கேயும் உங்களுக்கு முன்னால் 40,000 பங்கு. எல்லா இடத்திலும் 20.00 பிட் தீர்ந்துபோகும் அளவுக்கு விற்பனை வந்தால்தான் உங்கள் முறை வரும். அப்படிப்பட்ட விற்பனை வந்தால் அடுத்த விலை 19.99, 19.98 என்றுதான் போகும். 2 சென்ட் இறங்கினால் உங்கள் 5,000 பங்கில் 100 டாலர் போச்சு. விற்பனை வராமல் விலை ஏறினால் ஆர்டர் நிறைவேறாது. கடைசியில் துரத்திப் போய் 20.03-க்கு வாங்குவீர்கள், 150 டாலர் கூடுதல். அவருடைய 24 டாலருக்காக நீங்கள் இழப்பது இவ்வளவு. பட்டாலியோ, கார்வின், ஜென்னிங்ஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வும், ரிபேட்டையே குறிவைத்து லிமிட் ஆர்டர்களை அனுப்பினால் நிறைவேற்றத்தின் தரம் கெடுகிறது என்றே காட்டியது.

செய்ய வேண்டியது இதுதான். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசியின் விதி 606-இன்படி புரோக்கர் காலாண்டு அறிக்கை வெளியிட வேண்டும்: எந்த எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு அனுப்பினார், எவ்வளவு ரிபேட் வந்தது என்று அதில் இருக்கும். உங்கள் ஆர்டர்கள் எங்கே போயின என்று தனியாகவும் கேட்கலாம். கையில் வந்ததும் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் இரண்டு கணக்கு போடுங்கள்: எத்தனை சதவீதம் நிறைவேறியது, நிறைவேறி ஒரு நிமிடம் கழித்து விலை எங்கே இருந்தது. ரிபேட் அதிகம் தரும் இடத்தில் இரண்டுமே மோசமாக இருந்தால் விஷயம் தெளிவு. பிறகு கமிஷன் முறையை மாற்றச் சொல்லுங்கள்: எக்ஸ்சேஞ்சின் கட்டணமும் ரிபேட்டும் அப்படியே உங்களுக்கு, புரோக்கருக்குத் தனியாக ஒரு நிலையான கூலி. மேலோட்டமாக அது விலை கூடியதாகத் தெரியும். கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். நிறைவேறிய பிறகு விலை எங்கே போனது என்று பாருங்கள்.

கே: வாங்கிய விலைக்கே விற்று, ரிபேட்டை மட்டும் சம்பாதிக்க முடியுமா?

1,000 பங்கை 20.00-க்கு மேக்கராக வாங்கி அதே விலைக்கு மேக்கராக விற்றால் 5.60 டாலர். இடையில் விலை ஒரு சென்ட் இறங்கினால் 10 டாலர் நஷ்டம். மாத வியாபார அளவான வால்யூம் கூடக்கூட ரிபேட்டும் படிப்படியாகக் கூடும்; அந்த 28 சென்ட்டும் அந்தப் படிக்கட்டின் உச்சியில் இருப்பவர்களுக்குத்தான்; கீழ்ப்படியில் 20 அல்லது அதற்கும் குறைவு. இரண்டு கணக்கு வைத்து நானே வாங்கி நானே விற்கிறேன் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது வாஷ் டிரேட், சட்டவிரோதம். செய்யாதீர்கள். மற்றவர்களுக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்: நிறைவேறிய பிறகு விலை எங்கே போகிறது என்று பாருங்கள்.

கே: 30 சென்ட் உச்சவரம்பு குறையப் போகிறதாமே?

1 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பங்குகளின் டேக்கர் கட்டணத்துக்கு 2005-இல் எஸ்இசி வைத்த வரம்பு அது. 2024 செப்டம்பரில் 10 சென்ட்டாகக் குறைத்து விதி திருத்தப்பட்டது. அமலாகும் தேதி பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. வரம்பு இறங்கினால் ரிபேட்டும் கூடவே இறங்கும், ஏனென்றால் அதற்கான பணம் டேக்கரிடமிருந்துதான் வருகிறது. அதே திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு வியாபாரத்தின் கட்டணமும் ரிபேட்டும் அது நடக்கும் நேரத்திலேயே கணக்கிடக்கூடியதாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் வால்யூமைக் கூட்டிப் பார்த்துவிட்டு ரிபேட் படியை நிர்ணயிக்கும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை. “உங்கள் ஆர்டருக்கு எவ்வளவு ரிபேட் வந்தது என்று இப்போது சொல்ல முடியாது” என்று புரோக்கர் சொல்லும் பதிலும் அதோடு செல்லாது.