மலப் பரிசோதனையா, கொலோனோஸ்கோபியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு வயது 45. எந்தத் தொந்தரவும் இல்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையை இப்போதே தொடங்க வேண்டுமா?

தொடங்கலாம். முன்பு 50 என்றிருந்த வயதை அமெரிக்க வல்லுநர் குழு 2021-ல் 45 ஆகக் குறைத்தது. பல நாடுகளில் இன்னும் 50தான். ஃபிட் எனப்படும் மலப் பரிசோதனை என்றால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். ஆசனவாய் வழியே கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் எதுவும் தென்படாவிட்டால் அடுத்தது 10 ஆண்டுகள் கழித்துப் போதும்.

ஃபிட் தேடுவது கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை. ஒரு முறை செய்தால், இருக்கும் புற்றுநோய்களில் சுமார் நான்கில் மூன்றைப் பிடிக்கும். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய, குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு கட்டிகள் பெரும்பாலும் ரத்தம் கசியவிடாது என்பதால் அவற்றில் பல தப்பிவிடும். ஆண்டுதோறும் செய்யச் சொல்வது அதனால்தான். ஒரு முறை ‘நெகட்டிவ்’ வந்ததை நம்பி ஐந்து ஆண்டுகள் விட்டுவிட்டால் பயனில்லை. கொலோனோஸ்கோபியிலோ பாலிப்பைப் பார்த்த கையோடு வெட்டி எடுத்துவிடலாம்.

மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் ஃபிட் செய்து காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவரைப் பாருங்கள்.

ஃபிட் மாதிரி எடுக்கும்போது எங்கே தவறு நேரும்?

மலம் கழிப்பறைத் தண்ணீரில் படக்கூடாது. காகிதத்தில் பிடித்து, குச்சியின் வரிவரியான நுனியால் மேற்பரப்பை நான்கைந்து இடங்களில் சுரண்டுங்கள். வரிகள் நிரம்பினால் போதும், கட்டியாக அள்ள வேண்டாம். குச்சியைக் குழாய்க்குள் செருகி மூடி, தேதி எழுதி, அன்றோ மறுநாளோ ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்தால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் ‘நெகட்டிவ்’ என்று வரும். மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம். இதற்கு உணவுப் பத்தியம் தேவையில்லை.

ஃபிட் ‘பாசிட்டிவ்’. எனக்கு மூலம் உண்டு. இன்னொரு முறை செய்து பார்க்கலாமா?

கூடாது. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கசிவு விட்டு விட்டு வருவது. இரண்டாவது முறை ‘நெகட்டிவ்’ வந்தால் அன்று கசியவில்லை என்று மட்டுமே பொருள், முதல் முடிவு அதனால் ரத்தாகாது. மூலமும் புற்றுநோயும் ஒரே உடலில் இருக்க முடியும். கொலோனோஸ்கோபியைச் சில வாரங்களுக்குள் செய்துகொள்ளுங்கள், பல மாதங்கள் தள்ளிப்போனால் ஆபத்து கூடும்.

கொலோனோஸ்கோபிக்காகக் குடலைச் சுத்தம் செய்யத் தரும் பேதி மருந்தில் பாதியை முந்தின மாலையும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வார்கள். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். பழுப்பாகக் கலங்கியிருந்தால் தட்டையான பாலிப்கள் மறைந்துவிடும். அப்படியிருந்தால் போகும் முன்பே மருத்துவமனையைக் கேளுங்கள்.

அண்ணனுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய். எனக்கு 35. எப்போது?

அடுத்த ஆண்டு. உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ 60 வயதுக்குள் வந்திருந்தால், 40 வயது அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதில் 10 குறைத்து வருவது, இரண்டில் எது முந்தியதோ அதில் தொடங்க வேண்டும். உங்களுக்கு அது 36. நீங்கள் செய்ய வேண்டியது ஃபிட் அல்ல, ஐந்து ஆண்டுக்கொருமுறை கொலோனோஸ்கோபி. அண்ணனின் கட்டியில் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறுக்குச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். அது இருந்தால் 36 வரை காத்திருப்பதே தாமதம்.