ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசுகிற பாஸ்க் மாதிரி சில மொழிகள் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராதது ஏன்? அதற்கும் தமிழுக்கும் உறவு உண்டா?

'பாஸ்க்கும் தமிழும் ஒன்று' என்கிற ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தில் மன்னார்குடியில் மேடையிலேயே மூக்குடைபட்டவன் நான்.

கல்லூரிப் பேச்சுப் போட்டி. பாஸ்க்கில் அம்மாவுக்கு 'அமா', அப்பாவுக்கு 'ஐத்தா', அது நம் 'அத்தன்'தான், 'நி' என்பது நம் 'நீ' என்று முழங்கினேன். ஒரே கைதட்டல். நடுவராக வந்த அம்மா மைசூரில் பல வருஷம் இருந்தவர். சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"தம்பி, பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. நம்ம 'ப' அங்கே 'ஹ' ஆகுது. பழைய கன்னடத்துல அதுவும் 'ப'தான். இப்படி வரிசையா மாறினாத்தான் உறவு. பாஸ்க்குல ஒரு வரிசை காட்டுங்க. அப்புறம், 'நி'ன்னா அங்கே 'நான்'ப்பா."

'அமா'வும் கைகொடுக்கவில்லை. குழந்தை வாயைத் திறந்து மூடினாலே வருகிற ஒலி அது. சம்பந்தமே இல்லாத மொழிகளிலும் உண்டு. தமிழ்ப்பற்று இல்லாதவன் என்று திட்ட வருபவர்களுக்கு: தமிழுக்குப் பலூசிஸ்தானின் பிராகுயி மொழி வரை சொந்தம் இருக்கிறது. அதை அநாதையாக்கிப் பார்ப்பதில் எனக்குப் பெருமை இல்லை.

சரி, ஏன் சேரவில்லை? தனி மொழி என்றால் தனியாகப் பிறந்தது என்று பொருள் இல்லை. கூடப் பிறந்தவை செத்துப்போய், அவற்றை எழுதிவைக்கவும் ஆளில்லாமல் போயிருக்கும். பாஸ்க்கைச் சுற்றியிருந்த பழைய மொழிகளை லத்தீன் விழுங்கிவிட்டது. சைபீரியாவில் யெனிசெய் ஆற்றங்கரையில் பேசுகிற கெட் மொழி மயிரிழையில் தப்பியது. அதன் உறவான கோட் மொழி 19ஆம் நூற்றாண்டில் அழிந்தது. ஆனால் 1840களில் காஸ்த்ரேன் என்ற ஃபின்லாந்துக்காரர், கோட் பேசத் தெரிந்த கடைசிச் சிலரிடம் கேட்டு இலக்கணமும் சொற்களும் எழுதி எடுத்தார். அதுவும் அதற்கு முந்தைய சில சொற்பட்டியல்களும் இருப்பதால்தான் கெட்டை இன்று ஒரு குடும்பத்தின் மிச்சம் என்கிறோம். அவை இல்லாவிட்டால் அதுவும் தனி மொழிதான். ஆக, உறவே இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. காட்ட ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். பிரிந்து ரொம்பக் காலம் ஆகிவிட்டால், 'ப'வுக்கு 'ஹ' போன்ற வரிசைகளும் தேய்ந்து அடையாளம் தெரியாமல் போய்விடும்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். பாமணியாற்றிலிருந்து வந்த வாய்க்காலின் தலைப்பில் மண்ணடித்து வீடு கட்டிவிட்டார்கள். நடுவே ஒரு துண்டுத் தண்ணீர் மிச்சம். பிள்ளைகள் அதைக் குட்டை என்கிறார்கள். கிராம வரைபடத்தில் வாய்க்கால் என்றே இருக்கிறது. வரைபடத்தோடு மனு கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அளக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது குட்டைதானே சார்" என்று சொல்லி வண்டியேறிவிட்டார்.