செக்அவுட்டில் காட்டிய கேஷ்பேக் கணக்கில் வரவில்லை: கேள்வி பதில்

கேள்வி: மேடம், அக்டோபர் 12 அன்று 32,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். பணம் கட்டும் பக்கத்தில் இந்த வங்கியின் கிரெடிட் கார்டுக்கு 10% கேஷ்பேக், அதிகபட்சம் 2,000 என்று போட்டிருந்தது. மூன்று ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது, ஒரு ரூபாய்கூட வரவில்லை. யாரிடம் கேட்பது?

பதில்: கேட்பதற்கு முன் ஆஃபரின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று பாருங்கள். பலரும் வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பெரும்பாலான விதிகளில் "ஆஃபர் முடிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள்" என்பதுபோல் இருக்கும். உங்கள் ஆஃபர் அக்டோபர் 20 அன்று முடிந்திருந்தால் கெடு ஜனவரி 18. அதற்கு முன் அழைத்தால் "காத்திருங்கள்" என்று சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். அப்படி மூடிய புகார் பிறகு மேலே போக அதிகம் உதவாது.

இன்னொரு தேதியையும் அதே பக்கத்தில் தேடுங்கள். கேஷ்பேக் வராதவர்கள் இன்ன தேதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சில ஆஃபர்களில் தனி வரி இருக்கும். அதைத் தவறவிட்டால் நியாயமான கோரிக்கையையும் அந்த ஒரு வரியை வைத்தே நிராகரிப்பார்கள்.

கெடு முடிந்திருந்தால் வங்கியிடம்தான் கேட்க வேண்டும். கார்டு ஸ்டேட்மென்டில் வரவு வைக்க வேண்டியது அவர்கள். கடையின் உதவி மையம் "ஆஃபர் வங்கியுடையது" என்று எழுத்தில் சொன்னால் அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வங்கி உங்களைக் கடையிடம் திருப்பி அனுப்பப் பார்த்தால் அதை இணைக்கலாம்.

கேள்வி: எனக்கும் இதே கதைதான். பில் 22,500. குறைந்தபட்சம் 20,000க்கு வாங்கினால் கேஷ்பேக் என்றார்கள். கிஃப்ட் கார்டு 3,000 கழித்து மீதியைக் கார்டில் கட்டினேன். தகுதி இல்லை என்கிறார்கள். ஏமாற்றுதானே இது?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கார்டில் போனது 19,500. வங்கி பில்லைப் பார்ப்பதில்லை, அதன் கார்டு வழியாகப் போன தொகையை மட்டும்தான் பார்க்கிறது. கிஃப்ட் கார்டு, கடையின் வாலட் இருப்பு, கூப்பன், பழைய பொருளுக்கான எக்ஸ்சேஞ்ச் மதிப்பு எல்லாம் கழிந்த பிறகு நிற்கும் தொகை குறைந்தபட்சத்தைத் தொட வேண்டும். கேஷ்பேக் வராததற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். விதியில் "நிகரத் தொகை" என்று எழுதியிருந்தால் வாதாட இடமில்லை. "ஆர்டர் மதிப்பு" என்று மட்டும் இருந்தால் அந்த வரியை மேற்கோள் காட்டிக் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

திருப்பி அனுப்புவதிலும் இதே கணக்குதான். 14,000க்கு ஒன்று, 8,000க்கு ஒன்று வாங்கி இரண்டாவதைத் திருப்பினால் நிற்பது 14,000. குறைந்தபட்சம் 20,000 என்றால் பல ஆஃபர்களில் கேஷ்பேக் முழுவதும் போய்விடும், திருப்பிய பொருளின் பங்கு மட்டுமல்ல.

கேள்வி: அக்கா, நான் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டேன். வட்டி கேஷ்பேக்காக வரும்னு சொன்னாங்க. ஸ்டேட்மென்ட்ல வட்டியும் இருக்கு, வட்டிக்கு ஜிஎஸ்டியும் இருக்கு. இதுக்கும் புகார் போடலாமா?

பதில்: உங்களுடையது வேறு விஷயம். நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டிக்குச் சமமான தொகையைப் பெரும்பாலும் வாங்கும்போதே விலையில் கழித்துவிடுவார்கள். பிறகு வங்கி மாதாமாதம் வட்டி போடும். இன்வாய்ஸை எடுத்து, பொருளின் விலைக்கும் கடனாக மாறிய தொகைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுக்கு வர வேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டது. வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி உங்கள் பொறுப்புதான், அது திரும்பாது. வித்தியாசமே இல்லை, பின்னால் தருவோம் என்றுதான் எழுதியிருக்கிறது என்றால் முதல் கேள்விக்காரருக்குச் சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: இவ்வளவு எதுக்குங்க? கார்டு ஆப்ல டிஸ்ப்யூட் போட்டா சார்ஜ்பேக்ல பணம் வந்துடும். என் நண்பருக்கு வந்தது.

பதில்: உங்கள் நண்பருக்கு வந்திருக்கலாம், ஆனால் அவர் கேட்டது கேஷ்பேக்காக இருந்திருக்காது. பொருள் வரவில்லை, இரண்டு முறை பணம் போனது, சொன்னதைவிட அதிகமாக எடுத்தார்கள் போன்றவற்றுக்குத்தான் சார்ஜ்பேக், அதாவது கடை எடுத்த பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது. உடனடித் தள்ளுபடி கழித்து 28,500 என்று ஆர்டர் பக்கம் காட்டி, கார்டில் 30,000 போயிருந்தால் அது தவறான தொகை, அதற்கு டிஸ்ப்யூட் போடலாம். பின்னால் வர வேண்டிய கேஷ்பேக்கில் கடை எடுத்த தொகை சரியானதுதான். அங்கே டிஸ்ப்யூட் போட்டால் நிராகரிக்கப்படும். கடை உங்கள் கணக்கை முடக்கும் அபாயமும் உண்டு.

கேஷ்பேக் வரவில்லை என்பதற்காகக் கார்டு பில்லில் 2,000 குறைத்துக் கட்டவும் வேண்டாம். முழுத் தொகை கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் போய்விடும், வட்டி ஏறும். கணக்கு நிலுவையில் இருந்தால் கேஷ்பேக் கிடையாது என்று விதியும் இருக்கலாம்.

கேள்வி: மேடம், நான் முதலில் கேட்டவன்தான். பார்த்தேன், கெடு ஜனவரி 18தான், முடிந்துவிட்டது. கஸ்டமர் கேரில் இரண்டு முறை பேசினேன். "குறித்துக்கொண்டோம்" என்கிறார்கள். எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

பதில்: தொலைபேசியில் பேசியது பெரும்பாலும் "விசாரணை" அல்லது "சேவைக் கோரிக்கை" என்றுதான் பதிவாகும். உங்களுக்குத் தேவை "புகார்" என்ற வகையில் பதிவும் புகார் எண்ணும். மின்னஞ்சலிலோ வங்கித் தளத்தின் புகார்ப் படிவத்திலோ எழுதுங்கள். இவ்வளவு போதும்:

"இது புகார். புகாராகப் பதிந்து எண் தரவும். 1234 என முடியும் என் கிரெடிட் கார்டில் அக்டோபர் 12 அன்று 32,000 ரூபாய் செலுத்தினேன். ஸ்டேட்மென்டில் உள்ள கடைப் பெயரும் ஆர்டர் எண்ணும் கீழே உள்ளன. ஆஃபர் விதி 4இன்படி 10%, அதாவது 3,200, உச்சவரம்பு 2,000. விதி 7இன்படி ஜனவரி 18க்குள் வரவு வைத்திருக்க வேண்டும்; வைக்கவில்லை. பொருளைத் திருப்பவில்லை. 2,000 ரூபாயை வரவு வையுங்கள். மறுத்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

விதி எண்களை உங்கள் பக்கத்தில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "தகுதி இல்லை" என்ற பதிலுக்கு மறுப்பு எழுத முடியாது. "அந்தப் பரிவர்த்தனை இஎம்ஐ அல்ல, விதி 3இன்படி ஆஃபர் இஎம்ஐக்கு மட்டும்" என்று வந்தால் உங்கள் பில்லோடு ஒப்பிட்டுச் சரியா தவறா என்று பார்த்துவிடலாம்.

இன்வாய்ஸ், ஸ்டேட்மென்டில் அந்த வரி இருக்கும் பக்கம், விதிமுறைப் பக்கத்தின் பிடிஎஃப், இந்த மூன்றையும் இணையுங்கள். முழுக் கார்டு எண், சிவிவி, ஓடிபி எதையும் எழுத வேண்டாம். சமூக ஊடகத்தில் புலம்புவதற்கு முன்பும் யோசியுங்கள். அங்கே எழுதியதும் வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அழைப்பவர்கள் உண்டு, கேஷ்பேக் அனுப்ப ஓடிபி கேட்பார்கள். வரவு வைக்க ஓடிபி தேவையே இல்லை. உதவி எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்து எடுங்கள், கூகுள் தேடலிலிருந்து வேண்டாம்.

கேள்வி: பதிலே வரவில்லை என்றால்? ரிசர்வ் வங்கிக்கு நேரே எழுதிவிடலாமா?

பதில்: நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதன்பின் 30 நாட்களில் பதில் வராமல் இருக்க வேண்டும், அல்லது வந்த பதில் உங்களுக்கு ஏற்காமல் இருக்க வேண்டும். ஜனவரி 22 அன்று எழுதியிருந்தால் பிப்ரவரி 21 வரை பொறுங்கள். இடையில் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். முகவரி வங்கித் தளத்தின் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் விதியை எடுத்துப் படிக்கும் முதல் ஆள் அங்கேதான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். உதவிக்கு 14448. அங்கே எழுதும் விதம் முக்கியம். வங்கியின் வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிடுவதில்லை. "எனக்கும் ஆஃபர் தர வேண்டும்" என்று எழுதினால் வணிக முடிவு என்று ஒதுக்கப்படலாம். "எழுத்தில் அறிவித்த விதியை நான் நிறைவேற்றினேன், வங்கி நிறைவேற்றவில்லை" என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு.

கேள்வி: என் 150 ரூபாய் கேஷ்பேக் கார்டுக்கு இல்லை, கடையோட வாலட்டுக்கு வரணும். ரிசர்வ் வங்கி கேக்குமா?

பதில்: கடையே தருவதாகச் சொன்னது என்றால் வங்கிக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 அல்லது consumerhelpline.gov.in. அது சமரச முயற்சிதான், தீர்ப்பு அல்ல. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 150 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் முடிவு. 1915 வரையாவது போங்கள்.

கேள்வி: ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டினேன். கார்டு அதே கார்டுதான். கணக்கில் வருமா? ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கவில்லை.

பதில்: யுபிஐ விலக்கு என்று விதியில் இருந்தால் வராது. "கிரெடிட் கார்டு பரிவர்த்தனை" என்று மட்டும் இருந்தால் இரு பக்கமும் வாதம் இருக்கிறது. வங்கிகள் பெரும்பாலும் யுபிஐயைத் தனியாகத்தான் நடத்துகின்றன. கேட்டுப் பாருங்கள், எழுத்தில் வரும் காரணத்தை வைத்து முடிவெடுக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் இல்லாததால் கதவு மூடிவிடாது. ஆர்டர் உறுதி மின்னஞ்சல், கடை ஆப்பில் அந்த ஆர்டரின் கட்டண விவரம், வங்கி ஆஃபரை அறிவித்து அனுப்பிய எஸ்எம்எஸ் ஆகியவற்றைத் தேடுங்கள். வங்கித் தளத்தில் விதிமுறைப் பக்கம் இன்னும் இருந்தால் இன்றே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். நீக்கியிருந்தால் web.archive.org தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பார்க்கலாம், சில நேரம் பழைய பக்கம் கிடைக்கும்.