நம்பிக்கைக்குக் கழுத்தும் கத்தியும்

கேள்வி: ‘நம்பிக்கை’ என்ற கருத்துக்கு ஒரே ஒரு படம் வைக்க வேண்டும். கைகுலுக்கும் படத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

உங்களிடமும் யாரோ கோட்டு போட்ட இரண்டு கைகளை அனுப்பி ‘இதையே போட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருப்பார்கள், சரியா? கைகுலுக்கலில் யாரும் எதையும் இழக்கப் போவதில்லை. ஒருவருக்குக் கேடு நேரலாம், அதைத் தடுப்பது இன்னொருவர் கையில் இருக்கிறது. இந்த இரண்டும் படத்தில் தெரிந்தால்தான் அது நம்பிக்கை.

வாடிக்கையாளர் தகவல்களைப் பாதுகாக்கும் ஒரு நிறுவனத்துக்காக நான் தேர்ந்தெடுத்தது சவரம். தலையைப் பின்னால் சாய்த்து ஒருவர், அவர் கழுத்தில் சவரக்கத்தி. தலைப்பை மறைத்துவிட்டு, வேலையில் சம்பந்தமில்லாதவர்களிடம் காட்டி ஒரு சொல் கேட்டேன். ‘கொலை’ என்றார்கள். சிரிக்காதீர்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கண் திறந்திருந்தது, நுரை இல்லை, பக்கவாட்டு விளக்கு கத்தியின் விளிம்பில் பட்டு மின்னியது. கத்தியோ தோலுக்குச் செங்குத்தாக நின்றது. உண்மையில் சவரம் செய்பவர் கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்வில், தோலை ஒட்டியே பிடிப்பார்.

அதனால் மறுபடி எடுக்கச் சொன்னோம். கண்கள் மூடியிருக்க, கழுத்தில் பாதி நுரை, பாதி மழித்த தோல். வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் போல மென்மையான ஒளி. சவரம் செய்பவரின் இன்னொரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்கிறது. முக்கியமானது, சாய்ந்திருப்பவரின் விரல்கள். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் பயம், தளர்ந்து கிடந்தால் நம்பிக்கை. ஆகவே படத்தை வெட்டும்போது அந்தக் கையை விட்டுவிடாதீர்கள். முகத்தை மட்டும் நெருக்கமாக வெட்டிப் பார்த்தோம், உடனே சவர கிரீம் விளம்பரமாகிவிட்டது. இந்த முறை கேட்டவர்களில் பலர் ‘நிம்மதி’ என்றார்கள், சிலர் ‘நம்பிக்கை’ என்றார்கள். தலைப்போடு சேர்த்துப் பார்க்க அது போதும்.

‘கத்தியைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்காதா’ என்று கேட்க ஒருவர் வருவார். இருக்கலாம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட இடத்திலோ அறுவை சிகிச்சை பற்றிய பக்கத்திலோ இதை நானே வைக்க மாட்டேன். எல்லோருக்கும் பொருந்துகிற படம்தான் வேண்டுமென்றால் கைகுலுக்கலுக்கே திரும்பிப் போய்விடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்னொன்று, கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கத்தி தெரிந்து விரல்கள் தெரியாவிட்டால் பழையபடி கொலைதான்.

அப்புறம், கடைசி நாளன்று மேலதிகாரி ஒருவர் வந்து ‘மூலை காலியாக இருக்கிறதே’ என்று அந்தத் தளர்ந்த விரல்களின் மேலேயே நிறுவனச் சின்னத்தை ஒட்டச் சொன்னார். படத்தில் பின்னாலிருந்த சுவரில் நிறைய இடம் இருந்தது, அங்கே வைக்கலாம் என்றேன். அங்கே சின்னத்தின் நிறம் எடுபடாதாம். காலி இடத்தைக் கண்டாலே சிலருக்குக் கை அரிக்கிறது. இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.