மூன்றும் பாஸ், ஆனாலும் மெயில் ஸ்பேமில்

விற்பனை மேலாளர் ஒருவர்: எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் எங்கள் ஐடி தம்பி. ஆனால் ஆஃபர் மெயில் ஜிமெயிலில் ஸ்பேமுக்குத்தான் போகிறது. அவரை நம்புவதா?

நம்பலாம் சார். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து Show original அழுத்தினால் இப்படி இருக்கும்:

```
spf=pass
dkim=pass
dmarc=pass
```

SPF, DKIM, DMARC மூன்றும் அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் சோதனைகள். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது, வேறு யாரும் உங்கள் பெயரைப் போட்டு அனுப்பவில்லை என்பதற்கு மட்டுமே இது சான்று. மளிகைக் கடையில் கடன் கேட்டு நிற்பவர் யார் என்று அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். அதற்காக உடனே கொடுத்துவிட மாட்டார்; பழைய நோட்டைப் புரட்டுவார். ஜிமெயிலும் உங்கள் டொமைன் பெயரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. இந்த மூன்றும் பாஸ் ஆவதால்தான் அந்த நோட்டில் எழுதுவது உங்கள் கணக்கிலேயே சேருகிறது, நல்லதும் கெட்டதும். ஸ்பேம் அனுப்புகிறவர்களும் டொமைன் வாங்கி இந்த மூன்றையும் சரியாக அமைத்துவிடுகிறார்கள்.

சர்வர் பார்த்துக்கொள்பவர்: டிமார்க்கை `p=reject` ஆக்கி, சோதனையில் தோற்கும் மெயிலை மறுக்கச் சொல்லிவிட்டால் இன்பாக்ஸ் உறுதி. இதை ஏன் சொல்லவில்லை?

பாதி சரி. போலி மெயில்கள் தடைபடும், உங்கள் பெயர் அடுத்தவரால் கெடாது. அதனால் செய்யுங்கள். ஆனால் உங்கள் சொந்த மெயிலுக்கு அது இன்பாக்ஸ் சீட்டு அல்ல. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் டிமார்க் கேட்கிறது. தோற்றாலும் எதுவும் செய்யாதே என்கிற `p=none` இருந்தாலே போதும் என்கிறது. ஆனால் அதே விதிகளில் ஸ்பேம் புகார் விகிதத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது: 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது.

மீண்டும் மேலாளர்: புகார் விகிதத்தை, அனுப்புகிறவர்களுக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் பார்த்தோம். போன மாதம் 0.4, இப்போது 0.1. குறைந்துவிட்டதே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த விகிதம் இன்பாக்ஸுக்குப் போன மெயில்களை வைத்துப் போடுவது. கணக்கு போட்டுப் பாருங்கள். 20,000 பேருக்கு அனுப்பினீர்கள், 12,000 இன்பாக்ஸுக்குப் போனது, 48 பேர் ஸ்பேம் என்று அழுத்தினார்கள்: 0.4 சதவீதம். அடுத்த தடவை ஜிமெயில் உஷாராகி 1,000ஐ மட்டும் இன்பாக்ஸில் விட்டது, ஒருவர் அழுத்தினார்: 0.1. மீதி 19,000 மெயில் ஏற்கெனவே ஸ்பேமில் கிடக்கிறது. அங்கே யார் புகார் செய்யப்போகிறார்கள்? எண் நல்லதாகத் தெரியும்போது கிளிக்கும் சரிந்திருந்தால், அது நோய் முற்றியதற்கான அடையாளம்.

ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து: எனக்கு வரவேண்டிய பில் மெயில்தான் ஸ்பேமுக்குப் போகிறது. நான் என்ன செய்வது?

நீங்கள் பெறுகிறவர், அதனால் வேலை சுலபம். Not spam அழுத்துங்கள், அனுப்பியவரைக் கான்டாக்ட்ஸில் சேருங்கள். அப்புறம் உங்கள் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒழுங்காக வரும். மேலாளர் சாரும் இதைக் கவனிக்க வேண்டும்: ஸ்பேம் வடிகட்டி ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் ஆபீஸ் ஆட்கள் கம்பெனி மெயிலை எப்போதும் திறப்பவர்கள். அவர்களுக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு ‘நன்றாகத்தானே போகிறது’ என்பது சோதனையே ஆகாது.

மேலாளர்: 40 சதவீதம் பேர் திறக்கிறார்கள் என்று ரிப்போர்ட் சொல்கிறதே?

அதில் எவ்வளவு நிஜம் என்று பிரிக்க முடியாது. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, ஆள் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களைத் தானே இறக்கிக்கொள்கிறது; உங்கள் ரிப்போர்ட்டில் அது திறந்ததாகவே பதிவாகும். கிளிக், பதில், வாங்கியது ஆகியவற்றை நம்புங்கள். படிக்காமலே அழிப்பது, ஸ்பேமிலிருந்து வெளியே எடுப்பது போன்றவை ஜிமெயிலுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

நான் பார்த்த ஒரு ஜவுளிக் கடையில், மூன்று வருடம் முன்பு பில் போடும்போது வாங்கிய முகவரிகளுக்கெல்லாம் தீபாவளிக்கு ஒரே நாளில் அனுப்பினார்கள். பாதிப் பேருக்குக் கடையே நினைவில்லை. அந்த வாரம் ஆர்டர் ரசீதுகளும் ஸ்பேமுக்குப் போயின, ஏனென்றால் இரண்டும் ஒரே டொமைன். எனக்கு வலித்தது அதுதான். பணம் கட்டியவர் ரசீது வரவில்லை என்று கடைக்கு போன் செய்கிறார்.

சர்வர் பார்த்துக்கொள்பவர்: பேசாமல் புது டொமைன் வாங்கினால்?

வேண்டாம். பெயரே கேள்விப்படாத டொமைனிலிருந்து திடீரென ஆயிரக்கணக்கில் மெயில் வந்தால் அதுவே சந்தேகம். ரசீதுக்கும் ஆஃபருக்கும் தனித்தனி சப்டொமைன் வையுங்கள். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் உதவும். ஆஃபரை, கடைசி 60 நாளில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரே அழுத்தில் விலகும் வசதி மேலேயே தெரியட்டும். விலகுகிறவர் புகார் செய்யமாட்டார். கிளிக் நிலைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆட்களைச் சேருங்கள்.

மேலாளர்: எத்தனை நாளில் சரியாகும்?

தேதி சொல்ல முடியாது சார். சில வாரங்களில் மீண்டதையும் பார்த்திருக்கிறேன், மாதக்கணக்கில் இழுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் உறுதி: நடுவில் ஒரு நாள் பொறுமையிழந்து முழுப் பட்டியலுக்கும் அனுப்பினால், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.