ஒரே ‘க’வுக்கு மூன்று குறியா?

‘பி.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம், மொழியியல் தாள் வருது. ஒலிப்பு அட்டவணைல க-வுக்கு ஒரு கட்டம்தான் இருக்கு. ஆனா வகுப்பு நோட்ஸ்ல அதே க-வுக்கு [k], [g], [ɣ]னு மூணு குறி எழுதியிருக்கேன். எது சரி? ஒலிபெயர்ப்புக் கேள்விக்கு எதை எழுதணும்?’
– ஒரு மாணவி, திருமங்கலம்

மூன்றும் சரிதான். அட்டவணையில் இருப்பது ஒலியன், நோட்டில் இருப்பது அதன் மாற்றொலிகள். கேள்வி ஒலியன் அட்டவணை கேட்டால் க-வுக்கு /k/ ஒன்று போதும். சொல்லைக் கொடுத்து ஒலிபெயர்க்கச் சொன்னால் வாயில் எது வருகிறதோ அதைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். சாய்கோட்டையும் சதுர அடைப்பையும் மாற்றிப் போட்டால் அங்கேயே மதிப்பெண் போகும்.

அட்டவணையை உருப்போட வேண்டாம். பன்னாட்டு ஒலியெழுத்து அட்டவணை இதழில் தொடங்கித் தொண்டைப் பக்கம் போகும். நம் கசடதப தொண்டைப் பக்கத்தில் தொடங்கி இதழுக்கு வரும். அதனால் அதைப் பின்னாலிருந்து எழுதி, கசடதபற-வில் கடைசியாக நிற்கும் ற-வை மட்டும் த-வுக்கும் ட-வுக்கும் நடுவில் வையுங்கள். கீழே மெல்லினம் தானாகவே ஜோடி சேர்ந்துவிடும்:

```
ப   த   ற   ட   ச   க
p   t̪   t   ʈ   t͡ʃ   k
ம   ந   ன   ண   ஞ   ங
m   n̪   n   ɳ   ɲ   ŋ
```

இடமிருந்து வலமாக இதழ், பல், நுனியண்ணம், வளைநா, இடையண்ணம், கடையண்ணம். ற-வுக்கு [t] என்பது ‘வெற்றி’ போன்ற சொல்லில் திருத்தமாக ஒலிக்கும்போது கிடைப்பது. தனியாக வரும் ற ஆடொலி, அதற்கு வேறு வரிசை.

இனி க-வுக்கு வருவோம். குரல்வளையில் இரண்டு விரலை வைத்து, கிசுகிசுக்காமல் முழுக்குரலில் ‘அக்கா’ என்று சொல்லுங்கள். நடுவில் அதிர்வு ஒரு கணம் நின்று திரும்பும். ‘அங்கே’ என்றால் நிற்காது. முன்னது [k], பின்னது [g]. சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் [k], மெல்லினத்துக்குப் பின் [g]. உயிர்களுக்கு நடுவில், ‘வைகை’யில் வருவது போல, நாக்கு அண்ணத்தை முழுசாக அடைக்காமல் காற்று உரசிப் போகும். அதுதான் [ɣ]. சிலர் வாயில் அது [h]-க்குப் பக்கத்தில் போகும், சிலர் வாயில் [g]. கேட்டதை எழுதுங்கள்.

நம் ஊர்ப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பழங்காநத்தம். முதல் ப சொல் தொடக்கம், அதனால் [p]. ழ-வுக்கு [ɻ]. அடுத்து ங், [ŋ]. அதன் பின்னால் வருவதால் கா [gaː], நெடிலுக்கு ː குறி கட்டாயம். ந-வைப் பல்லில் வைத்து ஒலித்தால் [n̪]. த்த இரட்டித்திருக்கிறது, எனவே அதிர்வில்லாத [t̪t̪]. திருத்தமாகப் படித்தால் முழுச் சொல் இப்படி:

[paɻaŋgaːn̪at̪t̪am]

ஆனால் மதுரைப் பக்கம் பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர் பலர் ‘பளங்காநத்தம்’ என்றுதான் சொல்வார்கள். ழ இருந்த இடத்தில் மருங்கொலி [ɭ] வரும், ந பெரும்பாலும் [n] ஆகிவிடும், கடைசி ம் உதடு மூடாமல் உயிரை மூக்கொலியாக்கிவிட்டுப் போகும்:

[paɭaŋgaːnat̪t̪ã]

தேர்வில் எழுத்து வடிவம் மட்டும் கொடுத்தால் முதல் வடிவத்தை எழுதுங்கள். ‘பேச்சு வழக்கில்’ என்று கேட்டால் இரண்டாவது. இரண்டையும் கலந்து, ழ-வுக்கு [ɻ] போட்டுவிட்டு முடிவில் [ã] போட்டால் திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

நாம் சொல்வது ழ-வா ள-வா என்று காது ஏமாற்றும். நாக்கு சொல்லிவிடும். அந்த ஒலியை நீட்டிப் பிடித்து, நாக்கை அசைக்காமல் காற்றை உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்களில் குளிர்ந்தால் மருங்கொலி, ள. நாக்கின் நடுவழியே குளிர்ந்தால் ழ. அட்டவணையில் ‘மருங்கொலி’ என்ற சொல்லுக்கு அர்த்தமே இந்தக் குளிர்ச்சி எங்கே இருக்கிறது என்பதுதான்.

அப்புறம், ஆங்கில எழுத்துப் பழக்கத்தால் வரும் தவறு ஒன்று. ய-வுக்குக் குறி [j], [y] இல்லை. [y] என்பது உதடு குவித்துச் சொல்லும் ஒரு முன்னுயிர், தமிழில் அது ஒலியனாக இல்லை. [j]-யை ஜ-வுக்குப் போட்டுவிடுவதும் இதே பழக்கம்தான். ‘மஞ்சள்’ என்பதில் ஞ்-க்குப் பின் வரும் ச-வுக்கு [d͡ʒ] எழுத வேண்டும்: [maɲd͡ʒaɭ]. ‘வண்டியூர்’ என்ற பெயரில் ட, ய இரண்டுமே வருகின்றன. ண்-க்குப் பின் ட-வில் அதிர்வு நிற்காது, ஆகவே [ʋaɳɖijuːɾ]. இதே முறையில் தெப்பக்குளம், கூடல், அழகர் மூன்றையும் எழுதிப் பாருங்கள். ‘கூடல்’ எழுதும்போது ட-வில் நாக்கு அண்ணத்தில் நின்று அடைக்கிறதா, ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்குகிறதா என்று கவனியுங்கள். தட்டினால் குறி [ɽ].